எல்டருக்குப் பின்னால் தேன் வராது

நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணத்தில், ஒப்பிடும் சொற்களைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. டால், டாலர், டாலஸ்ட் என்று சீராகப் போய்க்கொண்டிருக்கும் பாடம் ஓரிடத்தில் சட்டென்று முரண்டு பிடிக்கும். ‘ஓல்ட்’ என்ற ஒரே சொல்லுக்கு ‘ஓல்டர்’ என்றும் ‘எல்டர்’ என்றும் இரண்டு வடிவங்கள். ‘லேட்’ என்பதற்கு ‘லேட்டஸ்ட்’டும் உண்டு, ‘லாஸ்ட்’டும் உண்டு. ‘ஃபார்’ என்றால் ‘ஃபார்தர்’, ‘ஃபர்தர்’. ‘நியர்’ என்றால் ‘நியரஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’. எதை எங்கே போடுவது என்று விதி சொல்லிவிட்டுப் புத்தகம் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஏன் இரண்டு என்று சொல்லாது. மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு, வேலைக்குப் போனபின் ‘ஹி இஸ் எல்டர் டு மீ’ என்றே பேசுவார்கள்.

காரணம் தெரிந்தால் மனப்பாடம் பாதியாகக் குறையும். இந்த இணைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதை ஒன்றுதான். ஒன்று பழைய வடிவம், மற்றது பின்னால் வந்த புதிய வடிவம். ஒப்பிடும் வேலையைப் புதியது எடுத்துக்கொண்டது. பழையது சாகவில்லை, ஏதோ ஒரு தனிப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டது. ஒதுங்கியபோது ஒப்பிடும் சக்தியை இழந்துவிட்டது. அதனால்தான் ‘விட’ என்று பொருள்படும் ‘தேன்’ என்ற சொல்லை அதற்குப் பின்னால் வைத்தால் ஒட்டுவதில்லை. ஓல்டர் தேன் வரும், எல்டர் தேன் வராது. இந்தத் ‘தேன்’ சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘மூத்த’ என்பதற்கு வழக்கமான வடிவம் எல்டரின் மூதாதைதான். ஓல்டர் பின்னால் வந்தது. அடிச்சொல்லில் ‘ஓ’ இருக்க, ஒப்பீட்டில் ‘எ’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் எழுத்தில் வருவதற்கு முன்பே நடந்த மாற்றம் அது. அந்தக் காலத்தில் இச்சொல்லின் முதலில் அகர ஓசை இருந்தது. அதோடு சேர்ந்த ஒப்பீட்டு விகுதியில் ஓர் இகர ஓசை இருந்தது. பின்னால் இகரம் வரப்போகிறது என்று நாக்கு முன்கூட்டியே தயாராகி, முன்னால் இருந்த அகரத்தை எகரத்தின் பக்கம் இழுத்துவிட்டது. நாம் ‘இலை’யை ‘எலை’ என்றும் ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும் சொல்கிறோமே, அதுவும் பின்னால் வரும் உயிரோசை முன்னால் உள்ளதை மாற்றும் கதைதான். இழுக்கும் திசை மட்டும் வேறு. பிறகு ஆங்கிலத்தில் அந்த இகரம் தேய்ந்து மறைந்துவிட்டது. அது செய்த மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ‘மேன்’ பன்மையில் ‘மென்’ ஆவதும், ‘ஃபுட்’ என்ற பாதம் ‘ஃபீட்’ ஆவதும் இதே மாற்றத்தால்தான். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘ஆல்ட்’ என்பதன் ஒப்பீடு ‘எல்டர்’ என்றே ஒலிக்கிறது. அங்கே இரண்டாவது வடிவம் முளைக்கவில்லை, எனவே குழப்பமும் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இப்படி உயிரோசை மாறும் ஒப்பீடுகள் இன்னும் சில இருந்தன. ‘லாங்’, ‘ஸ்ட்ராங்’ ஆகியவையும் ஒப்பிடும்போது எகரத்துக்கு மாறின. பிற்காலத்தார் அந்தத் தொல்லையே வேண்டாமென்று அடிச்சொல்லோடு நேராக விகுதியை ஒட்டி ‘லாங்கர்’, ‘ஸ்ட்ராங்கர்’ என்று செய்துகொண்டார்கள். பழைய ஒப்பீடுகள் மறைந்தன. அதே மாதிரி ‘ஓல்டர்’ வந்தது. ஆனால் எல்டர் மட்டும் மறையவில்லை. ஏன் என்று கேட்டால், அது குடும்பத்துக்குள் இருந்ததால் என்பேன். அடிக்கடி வாயில் வரும் சொல்லைச் சீர்திருத்த யாருக்கும் தோன்றாது. இங்கிலாந்தில் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம், பொது வழக்கப்படி, மூத்த மகனுக்கே போகும். 1925ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை முடித்துவைத்தது. நிலமுள்ள வீடுகளில் ‘எல்டஸ்ட் சன்’ என்பது வெறும் வயதுக் கணக்கு இல்லை. சொத்து யாருக்கு என்ற கணக்கு.

எனவே எல்டர் இன்று சொல்வது பிறந்த வரிசையை. அண்ணன், அக்கா என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலத்தில் ‘எல்டர் பிரதர்’, ‘எல்டர் சிஸ்டர்’ என்கிறோம். உடன்பிறந்தவர் இருவர் என்றால் மூத்தவர் எல்டர்; மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் மூத்தவர் எல்டஸ்ட். வீடு, மரம், புத்தகம் எதற்கும் இந்தச் சொல் ஒட்டாது, அவற்றுக்கு ஓல்டர்தான். ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரியவர் உங்களைவிட ‘ஓல்டர்’தான். அவர் எந்த வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வெளியிலும் எல்டருக்கு ஓரிரு இடம் உண்டு. ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்துச் சொல்ல அது பயன்படும். பிரிட்டனில் வில்லியம் பிட் என்ற பெயரில் தந்தை, மகன் இருவருமே பிரதமராக இருந்தவர்கள். தந்தை ‘பிட் தி எல்டர்’. 1783இல் 24 வயதில் பிரதமரான மகன் ‘பிட் தி யங்கர்’. வெசுவியஸ் எரிமலை வெடிப்பில் இறந்த ரோமானிய அறிஞர் பிளினியும் ‘எல்டர்’தான், ‘யங்கர்’ அவருடைய சகோதரியின் மகன். இங்கேயும் இருவரில் ஒருவர் என்ற கணக்கு இருப்பதைக் கவனியுங்கள். ஒப்பிடும் சக்தி போனாலும் ‘இருவரில்’ என்ற பழைய நினைவு போகவில்லை. பெயர்ச்சொல்லாக ‘எல்டர்ஸ்’ என்றால் பெரியவர்கள்; கிறிஸ்தவ சபைகளில் மூப்பர்.

இனி ‘எல்டர் டு மீ’க்கு வருவோம். இந்தியா முழுவதும் படித்தவர் வாயிலும் வரும் தொடர் இது. வெளிநாட்டு ஆங்கிலத் தேர்வில் எழுதினால் பிழை என்று சிவப்பு மையில் வட்டம் விழும். இது எங்கிருந்து வந்திருக்கும்? இரண்டு பக்கத்திலிருந்து என்பது என் கணிப்பு. ஒன்று, லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் போன்ற சொற்கள். இவை லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்களே என்றாலும் ஆங்கிலத்தில் ‘தேன்’ கேட்பதில்லை, ‘டு’தான் கேட்கும். ‘சீனியர் டு மீ’ முழுக்கச் சரி. அதைக் கேட்ட காதுக்கு ‘எல்டர் டு மீ’யும் சரியாகப் படுகிறது. மற்றொன்று நம் தமிழ். ‘அவர் எனக்கு மூத்தவர்’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாக்கு, அந்தக் ‘கு’வை அப்படியே ‘டு’ ஆக்கிவிடுகிறது. அலுவலகத்தில் பதவியில் மூத்தவர் என்றால் ‘சீனியர் டு மீ’. வயதில் மூத்தவர் என்றால் ‘ஓல்டர் தேன் மீ’. அண்ணன் என்றால் ‘மை எல்டர் பிரதர்’. மூன்றும் மூன்று வேலை.

அடுத்தது லாஸ்ட். இதுவும் ஒரு காலத்தில் ‘லேட்’டின் உச்ச வடிவமாகவே இருந்தது, நடுவில் ஓர் ஓசை தேய்ந்து சுருங்கிவிட்டது. சுருங்கிய சொல்லைப் பார்த்தால் லேட்டோடு உறவு இருப்பதே தெரியவில்லை. அதனால் லேட்டோடு விகுதியை மறுபடி ஒட்டி ‘லேட்டஸ்ட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். பழைய லாஸ்ட் ‘இதற்குப் பின் இல்லை’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. லேட்டஸ்ட் என்றால் ‘இதுவரை வந்ததில் புதியது’, இன்னும் வரலாம்.

இந்த வேறுபாட்டில் தவறினால் சங்கடம்தான். உயிரோடிருக்கும் எழுத்தாளர் ஒருவருக்கு ‘உங்கள் லாஸ்ட் நாவல் படித்தேன்’ என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால், இனிமேல் எழுத மாட்டீர்கள் என்று நாமே முடிவு கட்டியது போல ஆகிவிடலாம். லேட்டஸ்ட் என்று எழுதினால் அந்த வம்பில்லை. மறைந்த எழுத்தாளரைப் பற்றி எழுதும்போது லாஸ்ட்தான் சரி. தமிழிலும் ‘கடைசியாக எழுதிய நாவல்’ என்று சொல்லும்போது இந்த இரட்டைப் பொருள் வரத்தான் செய்கிறது. முகபாவத்தையும் சூழலையும் வைத்துச் சமாளிக்கிறோம். கடிதத்துக்கு முகபாவம் கிடையாது.

ஆனால் லாஸ்ட் எப்போதும் முடிவையே குறிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ‘லாஸ்ட் வீக்’, ‘லாஸ்ட் இயர்’, ‘லாஸ்ட் டைம்’ எல்லாம் சற்றுமுன் கழிந்ததைச் சொல்பவை. அங்கே லேட்டஸ்ட் போட முடியாது. முன்னால் ‘தி’ சேர்த்து, மாதத்தின் பெயரோடு ‘தி லாஸ்ட் வீக் ஆஃப் மே’ என்றால் மே மாதத்தின் இறுதி வாரம். ‘தி’ இல்லாமல் வெறும் ‘லாஸ்ட் வீக்’ என்றால் போன வாரம். மூன்றெழுத்துச் சின்னச் சொல் ஒன்று வாரத்தையே நகர்த்திவிடுகிறது. இன்னொன்று: நம் அலுவலகங்களில் ‘லேட்டஸ்ட் பை ஃப்ரைடே’ என்று அறிவிப்பு எழுதுவார்கள். வெள்ளிக்கிழமைக்கு மேல் தாமதம் ஆகாது என்பதைச் சொல்ல இயல்பான ஆங்கிலம் ‘பை ஃப்ரைடே அட் தி லேட்டஸ்ட்’.

லேட்டின் பழைய ஒப்பீட்டு வடிவமும் தப்பிப் பிழைத்திருக்கிறது. இரட்டை ‘டி’ போட்டு எழுதும், முதல் ஓசை குறுகிய ‘லாட்டர்’ அது. ‘பிறகு’ என்று பொருள் தரும், ஒற்றை ‘டி’யும் நீண்ட ஓசையும் கொண்ட ‘லேட்டர்’ புதியது. லேட்டர் நேரத்தைச் சொல்லும், ‘தேன்’ வாங்கிக்கொள்ளும். லாட்டர் வரிசையைச் சொல்லும். இரண்டு பொருள்களைச் சொல்லிவிட்டு ‘பின்னதாகச் சொன்னது’ என்று சுட்ட மட்டும் வரும். மதுரை, திருச்சி என்று சொல்லிவிட்டு லாட்டர் என்றால் திருச்சி. மதுரை, திருச்சி, சேலம் என்று மூன்றைச் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைப் போட்டால் தவறு. மூன்றாவதைச் சுட்ட ‘லாஸ்ட்’ வேண்டும். அடிச்சொல்லான லேட்டுக்கே இன்னொரு பொருளும் இருக்கிறது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் அச்சிடும் ‘லேட்’, மறைந்தவர் என்பதைச் சொல்வது. முன்னாள் அமைச்சரைக் குறிக்க அதைப் போட்டுவிட்டால், பதவி மட்டும் போனவரை உலகத்தை விட்டே அனுப்பியதாகிவிடும். முன்னாளுக்கு ‘ஃபார்மர்’.

நெக்ஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. ‘பக்கத்தில்’ என்று பொருள்படும் பழைய சொல் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. ‘நை’ என்ற வடிவில் பழங்கவிதைகளில் இன்னும் காணலாம். அதன் ஒப்பீட்டு வடிவம்தான் ‘நியர்’, உச்ச வடிவம்தான் ‘நெக்ஸ்ட்’. அதாவது, நாம் இன்று அடிச்சொல்லாக நினைக்கும் நியர் முன்பு ‘இன்னும் பக்கத்தில்’ என்று பொருள்பட்டது. அது மறந்துபோய், நியரோடு மறுபடியும் விகுதி ஒட்டி நியரர், நியரஸ்ட் என்றார்கள். ஒப்பீட்டின் மேல் ஒப்பீடு. இன்று நியரஸ்ட் தூரத்தைச் சொல்கிறது, நெக்ஸ்ட் வரிசையைச் சொல்கிறது. ‘நியரஸ்ட் ஸ்டேஷன்’ உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நிலையம். ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’ ரயில் அடுத்து நிற்கப்போகும் நிலையம். பழைய தூரப் பொருள் ஒரு மூலையில் மட்டும் பிழைத்திருக்கிறது: மருத்துவமனைப் படிவத்தில் வரும் ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’ என்பது அடுத்த உறவினர் அல்ல, மிக நெருங்கிய உறவினர். கிழமையோடு வரும் நெக்ஸ்டை மட்டும் நம்பாதீர்கள். திங்களன்று ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று ஒருவர் சொன்னால், அது இந்த வாரமா அடுத்த வாரமா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. தேதியைப் போட்டுவிடுவதே நல்லது.

இதே வகையில் சேர்ந்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அட்டர்’ என்பது முன்பு ‘வெளியே உள்ள’ என்ற ஒப்பீடாக இருந்து, அந்த வேலையை ‘அவுட்டர்’ எடுத்துக்கொண்டதும் ‘முழுமுற்றான’ என்று பொருள் மாறியது. ‘அட்டர் நான்சென்ஸ்’ என்றால் சுத்தப் பிதற்றல். ‘லெஸ்’ ஏற்கெனவே ஒப்பீடுதான். அதற்கு மேல் இன்னொரு விகுதி ஏறியது ‘லெஸ்ஸர்’. லெஸ் அளவைச் சொல்லும். லெஸ்ஸர் தரத்தையோ முக்கியத்துவத்தையோ சொல்லும். இரண்டு தீமைகளில் சிறியதை அப்படித்தான் குறிப்பார்கள். எனவே ‘லெஸ்ஸர் தேன்’ என்று எழுதினால் இன்றைய பொது எழுத்து வழக்கில் பிழை.

மிச்சம் இருப்பது ஃபார்தரும் ஃபர்தரும். மற்ற இணைகளின் கதை இங்கே அப்படியே பொருந்தாது. ஃபர்தர் முதலில் ‘தூரம்’ என்ற ஃபாரின் பிள்ளையே அல்ல. ‘முன்னோக்கி’ என்று பொருள்படும் ‘ஃபோர்த்’ குடும்பத்துச் சொல் அது. ‘இன்னும் முன்னால்’ என்பதே அதன் பொருள். ஃபாருக்குச் சொந்தமாக இருந்த ஒப்பீட்டு வடிவம் வழக்கொழிந்தபோது, ஃபர்தர் அந்த வேலைக்கு வந்தது. வந்த இடத்தில் ஃபாரின் சாயல் ஒட்டி ஃபார்தர் என்ற இன்னொரு வடிவமும் உருவாயிற்று. ஆக, தூரத்துக்கு ஃபார்தர், மற்றதற்கெல்லாம் ஃபர்தர் என்ற பள்ளிக்கூட விதி பின்னால் வகுத்தது. எழுதுகிறவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டதும் இல்லை. 1926இல் வெளிவந்த தம் ஆங்கில நடைக் கையேட்டில் ஹெச். டபிள்யூ. ஃபவுலரே, பெரும்பாலோர் இரண்டையும் பிரித்துக் கையாள்வதில்லை, பலரும் ஃபர்தர் பக்கமே சாய்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பிரிட்டனில் இன்று தூரத்துக்கும் ஃபர்தர் தாராளமாக வருகிறது. அமெரிக்கப் பத்திரிகைகள் மட்டும் நடந்து கடக்கும் தூரத்துக்கு ஃபார்தர் என்பதில் பெரும்பாலும் பிடிவாதமாக இருக்கின்றன.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் சலுகை கிடையாது. ‘மேலும்’, ‘கூடுதலாக’ என்ற பொருளில் ஃபர்தர்தான். மறு அறிவிப்பு வரும்வரை என்பது ‘அன்ட்டில் ஃபர்தர் நோட்டீஸ்’. ஒரு காரியத்தை முன்னெடுத்துச் செல்வது என்ற வினையாகவும் ஃபர்தர் மட்டுமே வரும். சாலையில் எவ்வளவு தூரம் என்று அளக்க முடிகிற இடத்தில்தான் ஃபார்தருக்கு அனுமதி.

இப்போது ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம். வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தன்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதற்கு ‘எல்டர் டு மீ பை ஃபோர் இயர்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். வயது கணக்கிடும் இடம், எனவே ‘ஃபோர் இயர்ஸ் ஓல்டர் தேன் மீ’. கல்லூரி இந்த ஆண்டு வெளியிட்ட கையேட்டை ‘யுவர் லாஸ்ட் பிராஸ்பெக்டஸ்’ என்கிறாள். கல்லூரி இன்னும் மூடப்படவில்லை, எனவே லேட்டஸ்ட். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் சொல்லிவிட்டு, கணிதத்தில் ஆர்வம் என்பதை லாட்டர் போட்டுச் சுட்டியிருக்கிறாள். மூன்று என்பதால் அது ஆகாது, பாடத்தின் பெயரையே மறுபடி எழுதிவிடலாம். வேதியியலில் தோழியைவிடக் குறைந்த மதிப்பெண் என்பதற்கு ‘லெஸ்ஸர் மார்க்ஸ் தேன்’ என்று வந்திருக்கிறது. ‘லோயர் மார்க்ஸ் தேன்’ என்றால் சரி. விடுதிக்கு நியரஸ்ட் ரயில் நிலையம் எது என்று கேட்டிருப்பது சரியாகவே இருக்கிறது, கைவைக்க வேண்டாம்.

கடைசி வரியில், மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதாகச் சொல்ல ‘ஃபார்தர் ஸ்டடீஸ்’ என்று எழுதியிருக்கிறாள். படிப்பை மைல் கணக்கில் அளப்பதில்லை. லண்டனில் படித்தாலும் நியூயார்க்கில் படித்தாலும் அது ஃபர்தர்தான். இந்த இரண்டில் எது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் ஃபர்தர் என்றே எழுதுங்கள். சாலைத் தூரத்தைப் பற்றி அமெரிக்கர் ஒருவருக்கு எழுதினால் அவர் வேண்டுமானால் முகம் சுளிக்கலாம். மற்ற எந்த இடத்திலும் அந்தச் சொல் உங்களைக் கைவிடாது.